முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்

பைக் ஷோரூமில் கையில் கொடுக்கும் விலைப்பட்டியலில் ஒரே வண்டி இரண்டு வரிகளில் இருக்கும். 125 சிசி வண்டி என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியில் டிரம், கீழ் வரியில் டிஸ்க். இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். வாங்க வந்தவர் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பார். "டிஸ்க்னா மழையில வாரி விட்டுடும் சார், டிரம்தான் சேஃப்" என்பார் கூட வந்த நண்பர். "இப்பல்லாம் டிரம் யாரு சார் வாங்குறாங்க?" என்பார் விற்பனையாளர். இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: வண்டியின் ஓட்டத்தை உரசி உரசிச் சூடாக மாற்றுவது. டிரம்மில் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட்டு, ஒரு சிறிய கேம் திரும்பி, ஷூக்களை அகட்டி வளையத்தின் உள்சுவரில் அழுத்துகிறது. டிஸ்க்கில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு தகடு வெளியே திறந்து கிடக்கிறது. லீவரைப் பிடித்தால் குழாயில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்பட்டு, காலிப்பரில் இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு, இரண்டு பேடுகள் தகட்டை இருபுறமும் கவ்வுகின்றன.

டிரம்மைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதற்குள் இருக்கும் ஒரு நல்ல சூட்சுமத்தைக் கவனிப்பதில்லை. இரண்டு ஷூக்களில் ஒன்று, சக்கரம் சுற்றும் திசையிலேயே திறக்கிறது. சுற்றுகிற டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் ஆழமாகச் சுவரில் பதித்துக்கொள்கிறது. விரல் கொடுத்த விசைக்கு மேல் ஷூ தானே கொஞ்சம் விசையைச் சேர்த்துக்கொள்கிறது. மற்ற ஷூவை அதே சுழற்சி உள்ளே தள்ளிவிடுவதால் அது அவ்வளவாக உழைப்பதில்லை. அந்தக் காலத்து வேகமான வண்டிகளில் இரண்டு ஷூக்களையும் முன்னோக்கித் திறக்கும்படி இரண்டு கேம் வைத்தார்கள். புல்லட்டில் பல ஆண்டுகள் இருந்தது அதுதான். நேராகப் போகும்போது நன்றாகப் பிடிக்கும். ஏற்றத்தில் நிறுத்திய வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் மட்டும் இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிடும். அந்தப் புல்லட்டை ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

1983இல் இந்தியாவில் வந்த ராஜ்தூத் 350 இந்த இரட்டைக் கேம் டிரம்மோடுதான் வந்தது. அது யமஹாவின் ஆர்டி 350. பத்தாண்டுக்கு முன்பே வெளிநாட்டில் அந்த வண்டி முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு விற்பனையானது. இங்கே செலவைக் குறைக்க டிரம் மாட்டினார்கள். பாய்ச்சலுக்குப் பேர்போன அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் ஒருமாதிரி சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். உலகச் சந்தையில் 1969இல் ஹோண்டா சிபி 750 முன் டிஸ்க்கைப் பெரும் எண்ணிக்கையில் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் அது சாதாரண ஆட்களின் கைக்கு எட்டுவதற்கு 1999இன் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இன் பல்சர் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நிறுத்தும் திறனுக்கு வருவோம். 110 கிலோ வண்டி, இரண்டு பேர், ஒரு பை என மொத்தம் 250 கிலோ என்று கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடையில் சுமார் 35 கிலோஜூல் ஆற்றல் ஓடிக்கொண்டிருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 15 கிலோஜூல்தான். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் பிரேக்கின் வேலை இரண்டே கால் மடங்கு ஆகிறது. 80 கிலோமீட்டர் என்றால் 40இல் இருந்ததைப் போல நான்கு மடங்கு.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரும், முன் பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த கையும் காலும் இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து விரலை மடக்க ஆகும் ஒரு நொடியில் கழியும் 17 மீட்டர் தனிக் கணக்கு. அதே ஆள் பழக்க தோஷத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் 20 மீட்டர் 45 மீட்டரைத் தாண்டிவிடும். டிஸ்க்கா டிரம்மா என்ற வாதத்தைவிட இந்த வித்தியாசம் பெரியது.

காரணம், பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்வதுதான். நிற்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் எடையை ஏறக்குறைய சரிபாதியாகத் தாங்குகின்றன. மேலே சொன்னபடி அழுத்திப் பிடிக்கும்போது ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டியில் முக்கால் பங்குக்கும் மேலான எடை முன் டயரின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பின் டயர் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் பிரேக் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த டயர் கொடுக்கும் பிடிமானத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், அவ்வளவுதான். அதனால் டிஸ்க்குக்காகக் கூடுதல் காசு கொடுப்பதென்றால் அது முன்சக்கரத்துக்கே போக வேண்டும். பின்னால் டிரம் இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. அன்றாட 100, 125 சிசி வண்டியில் பின் டிஸ்க் பெரும்பாலும் அழகுக்குத்தான்.

முன்சக்கரத்தில் டிஸ்க் ஏன் மேல்? கம்யூட்டர் வண்டியின் டிரம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. ஷூ உரசும் இடம் அச்சிலிருந்து 65 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 240 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பேடு கவ்வும் இடம் நூறு மில்லிமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறது. தூரம் கூடக்கூட அதே விசைக்குச் சக்கரத்தை நிறுத்தும் வலு கூடும். கேபிள் தன் உறைக்குள் உரசி விரலின் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பிரேக் ஆயில் அப்படித் தின்பதில்லை. லீவர் பக்கத்துச் சின்ன பிஸ்டனைவிடக் காலிப்பர் பிஸ்டனின் பரப்பு ஐந்து மடங்கு போல இருப்பதால் விசை பெருகியும் போகிறது. இரண்டு விரல் போதும் என்று சொல்ல வைப்பது இதுதான்.

ஆனால் ஒன்று. கச்சிதமாக டைட் வைத்த, லைனர் நன்றாக உள்ள டிரம், ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே ஒரு முறை நிறுத்தும்போது டிஸ்க்குக்குப் பெரிதாகப் பின்தங்கிவிடாது. விரல்கள் நான்கையும் கொடுத்துச் சற்று இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். வித்தியாசம் முகத்தில் அடிப்பது வேகம் கூடும்போதும், திரும்பத் திரும்பப் பிடிக்கும்போதும்தான்.

அதைப் பார்க்க ஊட்டி மலைப்பாதை சரியான இடம். குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1500 மீட்டர் உயரம் குறைகிறது. அதே 250 கிலோ வண்டி இந்த உயரத்தை இழக்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூறு முறைக்கும் மேல் நிறுத்துவதற்குச் சமம். எதிர்க்காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், இன்ஜின் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்குக்கு. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, அல்லது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர் மொத்த வேலையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

டிரம்முக்குள் பிறக்கும் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சூடேறிய இரும்பு வளையம் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகும். லைனரும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மேலே கொஞ்சம் இழுத்தாலே பிடித்த லீவர், பாதி வழியில் கைப்பிடிவரை வந்து முட்டும். நாக்கைத் தொடுகிற மாதிரி ஒரு கருகல் வாடை வரும். மலையில் ஓட்டுபவருக்கு இந்த இரண்டும்தான் எச்சரிக்கை: லீவர் நீளுவது, வாடை வருவது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டால் பெரும்பாலும் பிரேக் திரும்பிவிடும். அவசரப்பட்டு அந்தச் சூட்டிலேயே கேபிளை டைட் வைக்கக் கூடாது. டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் மறுபடி சூடாகும்.

டிஸ்க் வெளியே காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறுகிறது. அது விரிந்தாலும் பேடுகளை நோக்கித்தான் விரியும், விலகாது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை தகட்டில் இல்லை, ஆயிலில் இருக்கிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போன அதே ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்கும் அளவு 155 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் வரும். ஆயிலை நசுக்க முடியாது, குமிழியை நசுக்கலாம். லீவர் பஞ்சு போல் உள்ளே போய்விடும். எனவே எந்தப் பிரேக் ஆனாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்க, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து விட்டுவிடுவதும், மீண்டும் பிடிப்பதும்தான் சரியான முறை. காலைப் பெடல் மேல் வைத்தபடியே உருளக் கூடாது.

மழைக்கு வருவோம். "டிஸ்க் மழையில் வாரிவிடும்" என்பதில் எங்கே பழுது இருக்கிறதென்று பார்ப்போம். நனைந்த சாலையில் டயரின் பிடிமானம் குறைகிறது. காய்ந்த சாலையில் 20 மீட்டரில் நின்ற வண்டிக்கு அங்கே 30 மீட்டர் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டி முன்சக்கரத்தைப் பிடித்தால் அது பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி ஒரு நொடிக்குள் சாய்ந்துவிடும். டிஸ்க் குறைந்த விசையில் நிறையப் பிடிப்பதால், பதறிப்போய் ஒரேயடியாக இழுப்பவருக்கு இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. டிரம் மந்தமாகப் பிடிப்பதால் அதே பதற்றம் சில சமயம் மன்னிக்கப்படுகிறது. பழி டிஸ்க் மேல் விழுந்தது இப்படித்தான்.

இதற்கு மருந்து ஏபிஎஸ். சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து ஆயில் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி இறுக்கும் ஏற்பாடு அது. ஆயில் அழுத்தத்தை ஆளும் ஏற்பாடு என்பதால் கேபிள் டிரம்மில் அது வேலை செய்யாது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் ஏதாவது ஒன்று. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறவர்களுக்கு அது உதவும். சக்கரம் பூட்டுவதை அது தடுக்காது. ஷோரூமில் இரண்டையும் ஒன்றுபோலச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மழையில் பிரேக்குக்கே ஆகும் கோளாறு வேறு. டிஸ்க் வெளியே இருப்பதால் அதன் மேல் தண்ணீர்ப் படலம் படியும். பேடு பிடிக்கும் முதல் கணத்தில் அந்தப் படலத்தைத் துடைக்கத்தான் நேரம் போகிறது. 1970களின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிஸ்க்குகளில் இந்தத் தாமதம் அந்தக் கால ஓட்டுநர்களைக் கிலி பிடிக்க வைக்கும் அளவுக்கு இருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதமென்றால் 8 மீட்டர் போய்விடும். உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் பேடுகள் வந்த பிறகு அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. டிஸ்க்கில் போட்டிருக்கும் துளைகளும் தண்ணீர் விலகிப் போக வழி விடுகின்றன. கனமழையில் போகும்போது அவ்வப்போது லீவரை லேசாகத் தொட்டுத் தகட்டைத் துடைத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

டிரம் மூடியிருப்பதால் சாதாரண மழை உள்ளே போவதில்லை. இதில் டிரம்முக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம். ஆனால் மூடியிருக்கிறதே தவிர அடைத்து வைக்கப்பட்டதல்ல. ஹப்புக்கும் பிரேக் பிளேட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. முழங்கால் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தால் அந்த இடைவெளி வழியாக நீர் உள்ளே போய்விடும். டிஸ்க்கில் ஒட்டிய நீர் சக்கரம் சில சுற்றுச் சுற்றினாலே தெறித்துப் போகும். டிரம்முக்குள் போன நீர் அப்படி வெளியேறாது. லைனர் தூளோடு கலந்து சேறாகிவிடும். அடுத்த சிக்னலில் லீவரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. தண்ணீரைக் கடந்ததும் காலியான ஓரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து, உரசல் சூட்டில் காய வைக்க வேண்டும். பிடிப்பு திரும்பியது லீவரிலேயே தெரியும். ராத்திரி அப்படியே நிறுத்திய டிரம், மறுநாள் காலையில் மெல்லிய துருவோடு முதல் பிடியில் திடுக்கென்று கவ்வும். அதுவும் ஓரிரு பிடியில் சரியாகிவிடும்.

எந்தப் பிரேக்காக இருந்தாலும் மழை நாளில் கைக்கு எட்டும் தீர்வு வேகத்தில் இருக்கிறது. 60இல் போகிற இடத்தில் 45இல் போனால், நனைந்த சாலையிலும் நிற்கும் தூரம் 17, 18 மீட்டருக்கு வந்துவிடும். காய்ந்த சாலையில் 60இல் நின்றதைவிட அது குறைவு.

பராமரிப்பு என்ற பேச்சில் டிரம்முக்கு மலிவு என்ற பெயர் இருக்கிறது. ஒரு செட் ஷூவின் விலை பேடின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு, தேய்மானமும் மெதுவாக நடக்கும், தெருமுனை மெக்கானிக்கால் பத்து நிமிடத்தில் டைட் வைக்க முடியும். அந்தப் பத்து நிமிட வேலையில்தான் வினையும் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கிற உரையாடல் இது. "அண்ணே, முன்னாடி பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, டைட் வெச்சு விடுங்க." "வெச்சாச்சு தம்பி, ஓட்டிப் பாருங்க." கேபிள் நட்டை இன்னும் நான்கு சுற்றுத் திருகியிருப்பார். லீவர் சரியாகிவிடும். ஷூ அப்படியே தேய்ந்துதான் இருக்கும். டிரம்முக்கு வெளியே கேபிள் கொக்கி மாட்டும் சிறு கை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் அம்புக்குறி போட்ட ஒரு தகடும், பிரேக் பிளேட்டில் அதற்கெதிரே ஒரு கோடும் உண்டு. பிரேக்கைப் பிடித்த நிலையில் அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் லைனர் முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் டைட் வைப்பது பலனற்றது. அந்தக் கைக்கும் கேபிளுக்கும் நடுவே உள்ள கோணமும் பிரேக் பிடிக்கும்போது செங்குத்தைத் தாண்டிப் போய்விடும். இழுக்கும் விசை வீணாகும். எத்தனை இறுக்கினாலும் பிரேக் "கட்டை" மாதிரி இருக்கிறது என்று புகார் வருவது இதனால்.

லீவர் முனையில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் சும்மா ஆடும் இடம் வேண்டும். டைட் வைத்த பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது தடையில்லாமல் ஓட வேண்டும். லைனர் 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் ஷூவை மாற்றியாக வேண்டும். மாற்றும்போது டிரம்மைத் துடைத்து, கேம் மேல் பழைய கிரீஸை வழித்து, கடுகளவு புது கிரீஸ் தடவச் சொல்ல வேண்டும். கேம் இறுகிப்போனால் லீவரை விட்டாலும் ஷூ விடாது. கிரீஸ் அதிகமானால் அது உருகி லைனரில் ஏறி பிரேக்கைக் கெடுக்கும்.

டிஸ்க்கில் டைட் வைக்கும் வேலையே இல்லை. பேடு தேயத் தேய பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து நிற்கும். வசதிதான், ஆனால் தேய்மானம் லீவரில் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். காலிப்பருக்குள் டார்ச் அடித்தால் பேடில் ஒரு பள்ளக்கோடு தெரியும். கோடு மறைந்தால் பேடும் முடிந்தது. அதைத் தாண்டி ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கில் வரிவரியாகக் கீறல் விழும், அப்போது செலவு பேடோடு நிற்காது. ஒரு பேடு முழுசாகவும் மற்றது தேய்ந்தும் இருந்தால் காலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் இறுகிவிட்டன என்று அர்த்தம். கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் போட்டால் சரியாகும்.

ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் கிண்ணத்தின் மட்டம் மெல்லக் குறைந்தால் முதலில் பேடைத்தான் பார்க்க வேண்டும். பேடு தேய்ந்த அளவுக்கு ஆயில் கீழே இறங்கியிருக்கும். பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்பினால், புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து டேங்க் பெயின்ட்டைத் தின்றுவிடும். தேன் நிறத்தில் இருந்தது காபி நிறமானால் நிறத்தைப் பார்த்தே மாற்றிவிடலாம். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது முறை. இந்தச் செலவைத்தான் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. பாதி தீர்ந்து மூடி தளர்ந்து ஒர்க்‌ஷாப் அலமாரியில் பல மாதம் நின்ற புட்டியிலிருந்து ஊற்றினால் புது ஆயில் ஊற்றியதாகாது. லீவர் பஞ்சுபோல் இருந்து, இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கெட்டியானால் குழாயில் காற்று இருக்கிறது. பிளீடிங் செய்யாமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

டிஸ்க்கின் இன்னொரு எதிரி, வண்டியைப் பளபளப்பாக வைத்திருக்க ஆசைப்படுகிறவரின் கை. சங்கிலிக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் தெறிக்கும் எண்ணெய், வாட்டர் வாஷில் அடிக்கும் பாலிஷ், இரண்டும் பேடுக்குள் ஊறினால் பேடு போனதுதான். தகட்டைத் துடைத்துவிடலாம், பேடை வேறு வாங்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை. டிரம் வண்டியென்றால் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி அம்பு எங்கே நிற்கிறதென்று பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், 130 மில்லிமீட்டர் டிரம்மின் உள்விட்டம் 131க்கு வந்துவிட்டதா என்று அளந்துவிடலாம். வந்திருந்தால் ஷூ மாற்றிப் பயனில்லை, ஹப்பையே மாற்ற வேண்டும். டிஸ்க் வண்டியென்றால் தகட்டின் வெளி விளிம்பை நகத்தால் தடவ வேண்டும். பேடு படாத விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் தகடு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு மெலியலாம் என்பது தகட்டிலேயே MIN TH என்ற எழுத்துகளோடு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளக்க வேண்டியது பேடு உரசும் இடத்தை, மேடான விளிம்பை அல்ல. அந்த எண்ணுக்குக் கீழே வந்திருந்தால் புது டிஸ்க்கின் விலையை வண்டி விலையில் கழித்துக் கேட்கலாம்.